ஆற்று மணலுக்கு வைத்த கணக்கு

"உன் மாமா தண்ணி ஊத்திட்டான். அவ்வளவுதான் தம்பி கதை," என்றார் மானேஜர். அந்தக் காகிதத்தை மேசைக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டார். பிரிக்பீல்ட்ஸில் கட்டிக்கொண்டிருந்த அடுக்குமாடியிலிருந்து பேக்ஸில் வந்த முடிவு அது. மூன்றாம் மாடித் தூண்களுக்குப் போன கான்க்ரீட்டில் எடுத்த கியூப்கள் எல்லாம் தோற்றிருந்தன. முப்பது நியூட்டன் தாங்க வேண்டியவை இருபத்தைந்திலும் இருபத்தாறிலும் உடைந்து போயிருந்தன.

அப்போது நான் கிள்ளானிலிருந்து காப்பார் போகும் சாலையில் இருந்த ஒரு ரெடிமிக்ஸ் பிளான்ட்டில் லேப் டெக்னீஷியன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கோலாலம்பூரில் எங்கே திரும்பினாலும் கிரேன் நின்ற காலம். பந்திங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, எங்கள் வீட்டிலேயே முதலில் பள்ளிக்கூடம் முடித்து, பொலிடெக்னிக்கும் போய் வந்தவன் நான். என்னுடைய வேலையை எங்கள் அம்மாவுக்குச் சரியாகச் சொல்லி விளங்க வைக்க முடிந்ததே இல்லை. "சிமெண்டைக் கட்டியாக்கி உடைக்கிற வேலை" என்று அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தார். அதில் பெரிய பிழையில்லை. வாங்குபவரின் ஆள் ஒவ்வொரு வார்ப்பிலும் கொஞ்சம் கான்க்ரீட்டை இரும்பு அச்சில் நிரப்பி, தண்ணீர்த் தொட்டியில் இருபத்தெட்டு நாள் ஊறப் போட்டு, பிறகு இயந்திரத்தில் அமுக்கி உடைத்துப் பார்ப்பார். அந்தக் கட்டிதான் கியூப். அது எவ்வளவு தாங்கியதோ அவ்வளவுதான் தூணும் தாங்கும் என்பது கணக்கு.

மாமா என்றது என் அக்காவின் வீட்டுக்காரரை. எங்கள் பிளான்ட்டில் மிக்ஸர் லோரி ஓட்டினார். பிளான்ட்டுக்குப் பின்னால், கம்பெனி கொடுத்த தகரக்கூரை வீட்டில் அக்காவும் இரண்டு பிள்ளைகளுமாக இருந்தார்கள். மானேஜர் காகிதத்தைத் தள்ளிய அன்று காலையிலேயே மாமாவின் லோரிச் சாவியை வாங்கிக்கொண்டார். வேலை போனால் வீடும் போகும். அதைவிட மோசமான ஒன்று உண்டு. கிள்ளானிலிருந்து கேஎல் வரை உள்ள பிளான்ட் மானேஜர்கள் ஒருவரோடொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். 'தண்ணி ஊத்துறவன்' என்று ஒரு டிரைவருக்குப் பேர் விழுந்துவிட்டால் அப்புறம் எந்த பிளான்ட்டும் அவனுக்குச் சாவி கொடுக்காது.

"அவர் ஊத்தினார் பாஸ். இல்லைங்கல. ஏன் ஊத்தினார்னு கேக்கணும்ல?" என்றேன்.

"உன் அக்கா புருஷன் லா. அதான் நீ பேசுற."

அந்த ஒரு வார்த்தையில் என் வாயை அடைத்துவிட்டதாக நினைத்தார். ஏன் ஊற்ற வேண்டி வந்தது என்று நான் அவரிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். அதே அறையில், அதே மேசைக்கு முன்னால் நின்று.

அதுவரை எங்களுக்கு ஆற்று மணல்தான் வந்துகொண்டிருந்தது. கட்டடங்கள் பெருகப் பெருக மணல் கிடைப்பது அரிதாயிற்று. ஆற்றில் தோண்டுவதற்கு அனுமதி இறுகியது, விலை ஏறியது, சொன்ன நேரத்துக்கு லோரி வருவதில்லை. ஆற்று மணலுக்காக நான் கண்ணீர் விட மாட்டேன். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் மணலைத் தோண்டித் தோண்டியே கரை சரிந்து, பாலத்தின் கால் வெளியே தெரிய நின்றதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கருங்கல்லை உடைத்து மணல் செய்யலாம் என்றால் நல்லதுதான். கோபம் மணல் மீது இல்லை. ஒரு மணல் இருந்த இடத்தில் இன்னொரு மணலைக் கொட்டிவிட்டு, வேறு எதையும் தொடாமல் விட்ட அந்தத் திமிர் மீதுதான்.

ஆற்று மணலுக்குப் பதிலாகக் கருங்கல் குவாரியில் உடைத்த மணலை வாங்கத் தொடங்கினார்கள். அந்தக் குவாரி மணல் முதல் லோரி வந்த அன்றே கொஞ்சம் அள்ளி, காயவைத்து, சல்லடை அடுக்கில் போட்டுக் குலுக்கினேன். சல்லடை அடுக்கு என்றால் மேலே பெரிய கண், கீழே போகப் போகச் சின்னக் கண், கடைசியில் ஒரு தட்டு. ஆற்று மணலைப் போட்டால் எல்லாச் சல்லடையிலும் பங்கு பிரித்தது போல் நிற்கும். பெரியது, நடுத்தரம், சிறியது என்று ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம். பெரியதின் இடுக்கை நடுத்தரமும், நடுத்தரத்தின் இடுக்கைச் சிறியதும் அடைக்கும். குவாரி மணல் அப்படி நிற்கவில்லை. மேல் சல்லடைகளில் ஒரு குவியல். அடித்தட்டில், மாவு மாதிரி, இன்னொரு குவியல். நடுவில் இருக்க வேண்டியது மெலிந்து போயிருந்தது. கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கினால் தண்ணீர் சாம்பல் நிறமாகி வெகுநேரம் தெளியவில்லை. கையில் தேய்த்தால் ஒவ்வொரு மணியும் கீறியது.

இது வெறும் பார்வைக்குரிய வித்தியாசம் அல்ல. ஆற்று மணல் உருண்டை. ஒன்றன் மேல் ஒன்று உருளும். உடைத்த மணலுக்கு முனைகள் இருக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அதை நகர வைக்கத் தண்ணீர் அதிகம் வேண்டும். அந்த மாவுத் தூள் இருக்கிறதே, அதன் மேற்பரப்பு முழுவதும் நனைய இன்னும் தண்ணீர் வேண்டும். தண்ணீர் ஏறினால் சிமெண்டும் கூடவே ஏற வேண்டும். சிமெண்டை அப்படியே விட்டுத் தண்ணீரை மட்டும் ஏற்றினால் பலம் இறங்கும். பொலிடெக்னிக்கில் முதல் வருடப் பாடம் இது.

இன்னொரு விஷயமும் இருந்தது, அதுதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. ஆற்று மணல் சொட்டச் சொட்ட வரும். அந்த மணலோடு வரும் தண்ணீரை, கான்க்ரீட்டில் ஊற்ற வேண்டிய தண்ணீரிலிருந்து கழிக்க வேண்டும். அதற்காக, எல்லாவற்றையும் எடை போட்டு அனுப்பும் பேட்சிங் அறையில் ஒரு திருகு இருந்தது. மணலின் ஈரம் ஆறு சதவீதம் என்று வைத்தால் இயந்திரம் தானே கழித்துக்கொள்ளும். வருடக்கணக்காக அந்தத் திருகு ஆறிலேயே நின்றது. மேலே புழுதி படிந்திருந்தது. குவாரி மணலோ காய்ந்து வந்தது. வராத தண்ணீரையும் அந்த இயந்திரம் கழித்துக்கொண்டே இருந்தது.

இதையெல்லாம் எழுதி, சல்லடைக் கணக்கையும் சேர்த்து மானேஜரிடம் கொண்டுபோனேன். அவர் கிள்ளான்காரர். மணல் லோரிகளுக்குக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து மானேஜராக ஏறியவர். ஏறியது குறித்து எனக்கு மரியாதைதான் இருந்தது.

"மணல்னா மணல்தான் லா. அதுவும் கல்லுதான், இதுவும் கல்லுதான்," என்றார்.

"அந்த ஈரத் திருகையாவது மாத்தச் சொல்லுங்க பாஸ். மணல் எடையையும் மாத்தணும்."

"மாத்தினா டிக்கெட்ல என்ன வரும்?"

லோரியோடு சைட்டுக்குப் போகும் டிக்கெட்டைச் சொன்னார். அதில் எவ்வளவு மணல், எவ்வளவு தண்ணீர் என்று அச்சாகும்.

"தண்ணி கூடி வரும். மணல் மாறினது தெரியும்."

"தெரிஞ்சா கன்சல்டன்ட் புது மிக்ஸ் கேப்பான். டிரையல் போடு, இருபத்தெட்டு நாள் உக்காருன்னு சொல்வான். அது வரைக்கும் லோரிய நிறுத்தி வச்சிட்டு நீயும் நானும் ரோட்டோரம் ரோஜாக் விக்கப் போறதா? டிக்கெட் இப்ப அழகா இருக்கு. அப்படியே இருக்கட்டும்."

டிக்கெட் அழகாகத்தான் இருந்தது. காகிதத்தில் எங்கள் கான்க்ரீட்டைப் போல் தண்ணீர் குறைந்த, பலமான கான்க்ரீட் சிலாங்கூரில் இருந்திருக்காது.

காகிதத்துக்கு வெளியே நடந்தது வேறு. எங்களுடையது பழைய வகை பிளான்ட். மணல், சல்லி, சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் லோரியின் டிரம்முக்குள்ளேயே கொட்டிவிடும். லோரிதான் சுற்றிக் கலக்கும். கொட்டி முடிந்ததும் டிரைவர்கள் வாஷ் பே என்று சொல்லும் கழுவுமிடத்தில் நிறுத்தி, லோரியின் பின்பக்கத்தைக் கழுவி, டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் ஹோஸ் பைப்பால் கொஞ்சம் தண்ணீர் விடுவார்கள். எல்லா டிரைவரும் செய்வதுதான். மானேஜர் ஜன்னல் வழியாக தினமும் பார்த்ததுதான். ஆற்று மணல் காலத்தில் அது வாய் கொப்பளிக்கிற அளவு தண்ணீர்.

குவாரி மணல் வந்த பிறகு அந்த இடத்தில் லோரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு நாள் மாமா ஏணியில் ஏறி டிரம்முக்குள் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"மச்சான், இங்க வா. உங்க பிளான்ட் எனக்கு கான்க்ரீட் குடுக்கல, புட்டு மாவு குடுத்திருக்கு. கொஞ்சம் தேங்காத் துருவல் போட்டா பிரிக்பீல்ட்ஸ்ல வித்துட்டு வந்துருவேன்."

பின்னால் நின்ற மலாய் டிரைவர் சிரித்தார். "சீக்கிரம் லா அபாங், எனக்கும் புட்டுதான்," என்றார் தமிழிலேயே.

"ஊத்தாம போனா என்ன மாமா?"

"போனா? பம்ப்புக்காரன் என் சட்டையப் பிடிப்பான். பைப்புல அடைச்சா அவன் அப்பனா வந்து குத்தி எடுப்பான்? அப்புறம் சைட்ல இருக்கிறவனே ஹோஸ எடுத்து ஊத்துவான். இங்கயே ஊத்திட்டுப் போனா ஒரு வசவு மிச்சம்."

மதியம் மழை பெய்தால் கதை தலைகீழ். கூரையில்லாத மணல் குவியலில் அந்தத் தூள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழைக்குப் பிறகு ஏற்றும் லோரி சில நேரம் கஞ்சியாகப் போனது. திருகு மட்டும் ஆறிலேயே நின்றது.

இப்படி எல்லா டிரைவரும் ஊற்றிய இடத்தில், மாமாவின் லோரி மட்டும் எப்படி மாட்டியது? மானேஜரின் அறையிலிருந்து வெளியே வந்து, பேக்ஸ் காகிதத்தின் நகலை வைத்துக்கொண்டு லேபில் உட்கார்ந்திருந்தபோது அது விளங்கியது. விளங்கியதும் காகிதத்தைக் கசக்கத் தோன்றியது.

சைட்டில் கியூப் எடுக்கும் ஆள் எப்போதும் முதல் லோரியில்தான் எடுப்பார். வெயில் ஏறும் முன் வேலை முடியும், அவரும் தே தாரே குடிக்கப் போகலாம். எந்த லோரியிலும் எடுக்கலாம், மாற்றி மாற்றி எடுக்க வேண்டும் என்பதுதான் முறை; ஆனால் யாரும் செய்ததில்லை. எங்கள் பிளான்ட்டில் முதல் லோரி எப்போதும் மாமாவுடையது. வீடு பின்னாலேயே இருந்ததால் மற்றவர்கள் வந்து சேரும் முன்பே, மணலும் சிமெண்டும் கொட்டும் வாய்க்குக் கீழே வண்டியை நிறுத்தியிருப்பார். அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. யாராவது முந்தினால் அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். அதனால் தோற்ற கியூப் எல்லாம் அவருடைய லோரி. மற்ற லோரிகளின் கான்க்ரீட் தோற்கவில்லை, ஏனென்றால் அவற்றை யாரும் சோதிக்கவே இல்லை.

மானேஜருக்கு இது தெரியாதா? தெரியும். தெரிந்ததனால்தான் மாமாவைப் பிடித்துக்கொண்டார். ஒரு டிரைவர் தண்ணீர் ஊற்றினான் என்றால் அந்த டிரைவரின் சில லோடுகள் மட்டும்தான் கெட்டது. சில தூண்களை உடைத்துக் கட்டிக் கொடுத்தால் முடிந்தது. மிக்ஸே தப்பு என்றால், மணல் மாறிய நாளிலிருந்து ஊற்றிய ஒவ்வொரு தூணும், ஒவ்வொரு தளமும் கேள்விக்கு வரும். மாமாவின் வேலையைப் பலி கொடுத்து அதையெல்லாம் மூடிவிடப் பார்த்தார். அந்தத் தளங்களின் மேல் நாளை யார் யாரோ பாய் விரித்துப் படுக்கப் போகிறார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார், எங்கேயோ போகப் போகிறவர் மாதிரி. அக்கா என்னிடம்தான் பாய்ந்தாள்.

"நீ அங்க படிச்ச ஆளுன்னு உக்காந்திருக்க. இவர் ஊத்துறதப் பாத்துக்கிட்டுத்தானே இருந்த? ஒன்னும் சொல்லலயா?"

"சொன்னேன்க்கா. எழுதியே குடுத்தேன்."

"எழுதிக் குடுத்தானாம். எழுதினா ஊத்தாம இருப்பாங்களா? வீட்டக் காலி பண்ணச் சொன்னா நீ எழுதுற காகிதத்த விரிச்சா நாங்க படுக்கறது?"

மாமா தலை தூக்கவில்லை. "அவன ஏன் திட்டுற? கெட்டியா குடுத்தவன் மானேஜரு. தண்ணி ஊத்தினவன் நானு. ஊத்துனது எல்லாரும். மாட்டுனது மட்டும் நான். எனக்கு ராசி அப்படி."

"ராசி இல்ல மாமா. நீங்க மொத லோரி. அதான்."

அவர் பூட்ஸைக் கீழே வைத்தார். புரிந்ததும் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அக்கா பிள்ளைகளின் காதைப் பொத்தக்கூட இல்லை.

என்னால் செய்ய முடிந்தது இரண்டு. ஒன்று, மதிய சாப்பாட்டு நேரங்களில் லேபில் இருந்த சின்ன மிக்ஸரில் அதே மிக்ஸைக் கலந்து பார்த்தேன். ஒரு தடவை ஆற்று மணலில், ஒரு தடவை குவாரி மணலில், ஒவ்வொன்றிலும் தண்ணீரை அளந்து ஊற்றி. ஸ்லம்ப் என்று ஒரு சோதனை உண்டு. கூம்பு வடிவத் தகரத்தில் கான்க்ரீட்டை நிரப்பிக் குத்தி, தகரத்தை மேலே தூக்கினால் கான்க்ரீட் எவ்வளவு சரிகிறதோ அதுதான் அதன் இளக்கம். ஆற்று மணலில் கிடைத்த அதே சரிவு குவாரி மணலில் கிடைக்க, ஒரு கன மீட்டருக்கு எண்பது லிட்டர் போல அதிகம் விட வேண்டியிருந்தது. இரண்டாவது, தொட்டியில் கிடந்த கியூப்கள். சைட்டில் எடுப்பது போக, பிளான்ட்டிலும் நான் எடுத்து வைப்பதுண்டு. கழுவுமிடத்தைத் தாண்டி வரும் ஏதாவது ஒரு லோரியில். லோரி எண்ணை ஒவ்வொரு கியூப்பிலும் பெயிண்டால் எழுதியிருப்பேன். சொந்தக்காரர் என்ற பேச்சு வரக் கூடாதென்று மாமாவின் லோரியில் எடுப்பதில்லை; குவாரி மணல் வந்த பிறகு எடுத்தவற்றிலும் அவருடையது ஒன்றுகூட இல்லை. அவற்றில் ஒரு பகுதிக்கு இருபத்தெட்டு நாள் அந்த வாரம்தான் முடிந்தது. உடைக்கவில்லை. நான் தனியாக உடைத்தால் என் அக்கா புருஷனுக்காக எழுதிய எண் என்பார்கள் என்று விட்டு வைத்தேன்.

பிறகு, அந்த அடுக்குமாடி வேலையை மேற்பார்வை பார்த்த கன்சல்டன்ட் தரப்பு ரெசிடென்ட் இஞ்சினியர் பிளான்ட்டைப் பார்க்க வந்தார். பிரிக்பீல்ட்ஸிலேயே பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துத் தமிழர். ஓய்வுக்குக் கிட்டத்தில் இருந்தார். மானேஜர் அவருக்குக் குளிர்ந்த பானம் வாங்கி வைத்து, டிக்கெட்டுகளை அடுக்கிக் காட்டிக்கொண்டிருந்தார். டிரைவரை நிறுத்தியாகிவிட்டது, இனி நடக்காது, அந்தத் தூண்களைக் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று பேச்சு முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது. நான் கதவைத் தட்டாமலேயே உள்ளே போனேன்.

"சார், மத்த லோரி கியூப் தொட்டியில கெடக்கு. இப்ப உடைச்சுப் பாத்துட்டு முடிவெடுங்க."

மானேஜர் கையிலிருந்த டிக்கெட்டுகளைக் கீழே வைத்தார். "தம்பி, நீ லேபுக்குப் போ," என்றார் மெதுவாக.

இஞ்சினியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யார் நீர்?"

"லேப் டெக்னீஷியன் சார்."

"அந்த டிரைவர் ஆளுக்கு மச்சான் சார் இவன். அதான் துள்ளுறான்," என்றார் மானேஜர்.

"அப்பிடியோ?" என்று என்னைப் பார்த்தார் இஞ்சினியர்.

"ஆமா சார். எங்க அக்கா வீட்டுக்காரர்."

"அப்ப உம்மட சொல்லை நான் எடுக்கேலாது." எழுந்தார். "கியூப்பை எடுக்கலாம். வாரும், உடைச்சுக் காட்டும்."

தொட்டியிலிருந்து கியூப்களை நான் தூக்கவில்லை. அவரையே பொறுக்கச் சொன்னேன். சட்டைக் கையை மடித்துவிட்டு அவரே மூன்று கியூப்களை எடுத்தார். மூன்றும் வேறு வேறு லோரி. எண்களைப் பார்த்து, டிக்கெட்டைப் பார்த்து, மானேஜரைப் பார்த்தார்.

முதல் கியூப்பை இயந்திரத்தில் வைத்து அமுக்கினேன். முள் ஏறியது. இருபத்தேழில் ஒரு சத்தம், முள் விழுந்தது. இரண்டாவது இருபத்தைந்து. மூன்றாவது இருபத்தொன்பதுக்குக் கிட்டத்தில் போய் அதுவும் விட்டது. உடைந்த பக்கத்தில் சிமெண்ட் பசை வெளிறி, நகத்தால் கீறினால் உதிர்ந்தது. முப்பது எட்டவில்லை, ஒன்றுகூட.

"இதுகளையும் அந்த டிரைவரே ஓட்டினவர்?" என்று கேட்டார் இஞ்சினியர். கேட்டது என்னை இல்லை, மானேஜரை.

"எல்லா டிரைவரும் ஊத்துறானுங்க சார், சொன்னா கேக்க மாட்டானுங்க," என்றார் மானேஜர். ஒரு நொடியில் ஒரு டிரைவர் எல்லா டிரைவருமாகிவிட்டார். எனக்கு அப்போதுதான் உண்மையாகவே கத்த வேண்டும் போல் இருந்தது.

கத்தவில்லை. சாக்பீஸை எடுத்து லேப் தரையில் குனிந்து எழுதினேன். ஒரு கன மீட்டருக்கு எண்ணூறு கிலோ ஈர ஆற்று மணல் என்று வைத்தால் அதில் நாற்பத்தைந்து கிலோ தண்ணீர். மணல் காய்ந்து வந்தால் அந்தத் தண்ணீர் வரவில்லை. காய்ந்த குவாரி மணல் தானும் எட்டு லிட்டர் போல உறிஞ்சும். ஆக ஐம்பத்து மூன்று லிட்டர் இந்த பிளான்ட் கொடுக்க வேண்டிய தண்ணீர், கொடுக்காத தண்ணீர். டிரைவர் அதை ஊற்றியது தப்பே இல்லை, மிக்ஸில் எழுதியிருப்பதைத்தான் ஊற்றினார். அதற்கு மேலே ஒரு முப்பது லிட்டர் இருக்கிறதே, அதுதான் பலத்தைக் கொன்றது. அது இந்த மணலின் முனையும் தூளும் குடித்த தண்ணீர். போதாததற்கு, எடை மாற்றாததால் நாற்பத்தைந்து கிலோ தண்ணீர் இருந்த இடத்தில் நாற்பத்தைந்து கிலோ மணல் அதிகம் போகிறது. அதற்கும் தண்ணீர் வேண்டும். சிமெண்ட் ஒரு பிடிகூட ஏறவில்லை.

இஞ்சினியர் நின்றபடியே படித்தார். "ஈரத் திருகு எதிலை நிக்குது?"

"ஆறுல சார். போய்ப் பாருங்க."

அவர் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தபோது விரல் நுனியில் புழுதி இருந்தது. கைக்குட்டையில் துடைத்தார். மணல் மாறிய நாளிலிருந்து போன எல்லா லோடையும் எழுதித் தர வேண்டும், எல்லாத் தளத்திலும் துளை போட்டுக் கான்க்ரீட்டை எடுத்துச் சோதிக்க வேண்டும், புது மிக்ஸ் சரியாகும் வரை இந்த பிளான்ட்டிலிருந்து ஒரு லோரிகூட உள்ளே வரக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிளம்பும்போது என்னைப் பார்த்து, "நீர் இதை முதலிலை ஏன் எனக்குச் சொல்லேலை?" என்று கேட்டுவிட்டுப் போனார். கம்பெனிக்குள் சொல்ல வேண்டியவரிடம் சொன்னேன் என்ற பதில் வாய் வரை வந்தது. அவருடைய மேற்பார்வையில் கியூப் எடுக்கும் ஆள் முதல் லோரியோடு நிறுத்திவிட்டுத் தே தாரே குடிக்கப் போனதையும் சொல்ல நினைத்தேன். அதற்குள் கார் கதவு சாத்தியாகிவிட்டது.

துளை போட்டதில் பல இடங்கள் தப்பித்தன, சில தப்பவில்லை. தப்பாதவற்றில் பாதிக்கு மேல் வேறு டிரைவர்களின் லோடு. நான் ஒரு முறை பிரிக்பீல்ட்ஸ் போனபோது இந்தோனேசியத் தொழிலாளர்கள் அந்தத் தூண்களை உடைத்துக்கொண்டிருந்தார்கள், முகத்தில் துணி கட்டிக்கொண்டு. அவர்கள் கட்டியதை அவர்களே உடைத்தார்கள்.

பிளான்ட்டில் நான் சொன்னதெல்லாம் இப்போது மானேஜரின் யோசனையாக நடந்தது. குவாரியில் கழுவித் தூள் குறைத்த மணல் வந்தது. நடுவில் மெலிந்திருந்த இடத்தை அடைக்க, ஈயம் தோண்டிய பழைய குட்டைகளிலிருந்து எடுத்த நடுத்தர மணலைப் பத்துக்கு நான்கு பங்கு கலந்தோம். கூடுதல் தண்ணீரைக் குறைக்க ஒரு மருந்து சேர்த்தோம். மிச்சமிருந்த தண்ணீருக்குத் தக்கபடி சிமெண்டை ஏற்றினோம். தினமும் காலையில் கொஞ்சம் மணலை வாணலியில் வறுத்து ஈரம் பார்த்து, அதற்குத் தக்கபடி திருகைத் திருப்பினோம். மழை பெய்தால் மறுபடியும். கியூப்கள் முப்பத்தெட்டைத் தாண்டின.

மாமாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். டிரைவர் கிடைக்காத காலம் அது, அதனால். அலுவலகப் பையன் மூலம் 'நாளைக்கு வந்து சாவி வாங்கிக்க' என்று ஒரு செய்தி, அவ்வளவுதான். அவர் மீது சொன்னதை யாரும் திரும்ப எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கடையில் மற்ற பிளான்ட் டிரைவர்கள் அவரைத் 'தண்ணி' என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அக்கா, "போய் ஓட்டுங்க, பேரு சோறு போடுமா," என்றாள். மாமா போவதாகத்தான் இருந்தார். பொறுக்காதது எனக்கு.

புது மிக்ஸின் தாள்களில் சோதனை செய்தவர் என்று என் கையெழுத்து வேண்டும் என இஞ்சினியர் கேட்டிருந்தார். மானேஜர் தாள்களை லேபுக்கே கொண்டுவந்து, பேனாவையும் திறந்து நீட்டினார்.

"மாமா தப்பு இல்லைன்னு டிரைவருங்க முன்னால சொல்லுங்க பாஸ். அப்புறம் போடுறேன்."

"என்ன தம்பி, பழசெல்லாம் எதுக்கு? அவனுக்குத்தான் வேலை குடுத்துட்டேன்ல."

"வேலைய நீங்க எடுத்தீங்க. திரும்பக் குடுத்தீங்க. பேரயும் எடுத்தீங்க, அத இன்னும் குடுக்கல."

"போடலன்னா உன் வேலை?"

"வேற டெக்னீஷியன் வந்து மொதல்ல இருந்து டிரையல் போடட்டும். இருபத்தெட்டு நாள் உக்காருங்க."

தாள்களையும் பேனாவையும் என் மேசையிலேயே வைத்துவிட்டார். மிரட்டுகிறேனா என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஆமாம் என்றிருப்பேன். மறுநாள் காலை லோரிகள் வரிசையில் நிற்கும்போது கழுவுமிடத்துக்கு இறங்கி வந்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லா டிரைவரும் இருந்ததால் மலாயில்தான் சொன்னார். அன்று கியூப் தோற்றதற்கு இவர் காரணமில்லை, மணல் மாறியபோது பிளான்ட் மிக்ஸை மாற்றவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டே, டிரம் சுற்றும் இரைச்சலில் பாதி கரைந்து போகும்படி சொல்லிவிட்டுத் திரும்பினார்.

மாமா என் பக்கம் வந்தார்.

"என்ன மச்சான் சொன்னான்? பின்னாடி நிக்கிறவனுக்கு ஒன்னும் கேக்கல."

மானேஜர் படியில் கால் வைத்திருந்தார். நான் போய் அவருக்கு முன்னால் நின்றேன். அவர் விட்டுப் போன பேனா என் சட்டைப் பையில்தான் இருந்தது, தாள்கள் கையில்.

"பின்னால இருக்கிறவங்களுக்குக் கேக்கலயாம் பாஸ்."

அவர் விலகிப் படியேறப் பார்த்தார். நான் நகரவில்லை. கொட்டும் வாய்க்குக் கீழே நின்ற லோரிக்காரரைப் பார்த்து டிரம்மை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினேன். நிறுத்தினார். அடுத்தவரும் நிறுத்தினார். அவ்வளவு அமைதியாக அந்த பிளான்ட்டை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. மானேஜர் திரும்பி வந்து, முழுவதையும், கடைசி லோரி வரை கேட்கும்படி இன்னொரு தடவை சொன்னார். நான் அங்கேயே, லோரியின் மட்கார்டில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.